தேயிலையும் இருகுளோரோமெதேனும்: ஒரு மீளாய்வுப் பந்தி விட்டுச் செல்வன

இரசாயனத்துறை மாணவர்களின் ஆய்வேடுகளில் ‘இலக்கிய மீளாய்வு’ என்னும் அதிகாரத்தில் இப்போது தவறாது இடம்பெறும் பந்தி ஒன்றுண்டு. குளோரீனேறிய கரைப்பான்கள் தீங்கு விளைவிப்பன என்று அது தொடங்கும். இருகுளோரோமெதேன், குளோரோபோம் ஆகிய பெயர்களைச் சொல்லும். அவற்றுக்குப் ‘பசுமையான’ மாற்றுக்களாக எதைல் அசற்றேற்று, 2-மெதைல்தெத்திராஐதரோபியூரான், எதனோல், மீயுய்நிலைக் காபனீரொட்சைட்டு என்பவற்றை வரிசைப்படுத்தும். பின்னர் அடுத்த தலைப்புக்குச் சென்றுவிடும். பந்தியிற் பிழையேதும் இல்லை. ஆயினும் அதனை வாசித்து முடித்தவர் தம் ஆய்வுகூடத்தில் எந்தப் போத்தலை எடுத்து எந்தப் போத்தலை வைப்பது என்பதை அறியமாட்டார். ஒரு கரைப்பான் மற்றொன்றின் இடத்தை அப்படியே நிரப்பிவிடும் என்ற எண்ணத்தை அப்பட்டியல் தோற்றுவிக்கின்றது. உண்மையில் கரைப்பான் ஒன்று பல வேலைகளை ஒருங்கே செய்கின்றது. மாற்றாக வருவது அவற்றிற் சிலவற்றைச் செய்யும், சிலவற்றைச் செய்யாது, முன்னில்லாத சில இடர்களையும் உடன்கொண்டு வரும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டின் வழியாக நோக்குவதே தக்கது. நம் நாட்டிற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு, தேயிலையிலிருந்து கஃபீனைப் பிரித்தெடுக்கும் செய்முறையாகும். உலகெங்கும் பல்கலைக்கழக முதலாண்டு வகுப்புகளில் இருகுளோரோமெதேனை மாணவர் முதன்முதலாகக் கையாள்வது பெரும்பாலும் இச்செய்முறையிலேதான். இடமாகக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று எனத் தொடரும் அம்பாறைக் கரையோரத்தைக் கொள்வோம். இடத்தைக் குறிப்பிடுவது அலங்காரத்துக்காக அன்று. கரைப்பானைத் தேர்வதில் நிலத்துக்கும் வெப்பத்துக்கும் பங்குண்டு என்பது பின்னர் புலனாகும்.

வழக்கமான செய்முறை இதுவாகும். 10 கிராம் தேயிலைத் தூளை ஏறக்குறைய 5 கிராம் சோடியம் காபனேற்றுடன் 100 மில்லிலீற்றர் நீரில் இட்டுக் கால்மணி நேரம் கொதிக்க வைத்து வடிப்பர். தேயிலையிலுள்ள தனின்கள் அமிலத்தன்மை உடையன. காபனேற்று அவற்றைச் சோடிய உப்புகளாக்கி நீரிலேயே நிறுத்திவிடும். வடிநீர் நன்றாக ஆறிய பின் அதனைப் பிரிபுனலில் இட்டு, 20 மில்லிலீற்றர் இருகுளோரோமெதேனால் மூன்று முறை பிரித்தெடுப்பர். கீழடுக்குகளைச் சேர்த்து, நீரற்ற சோடியம் சல்பேற்றினால் உலர்த்தி, கரைப்பானை ஆவியாக்கினால் இளம் பச்சை சாயலுடைய கஃபீன் எஞ்சும். தேயிலையின் உலர்நிறையில் கஃபீன் 2 முதல் 4 சதவீதம் வரை இருப்பதால் மிகத் திறமையாகச் செய்தாலும் 0.2 முதல் 0.4 கிராம் வரைதான் எதிர்பார்க்கலாம். மாணவர் பெறுவது அதிலும் குறைவே.

இச்செய்முறையில் இருகுளோரோமெதேன் ஏன் இவ்வளவு காலம் நிலைத்தது? கஃபீன் அதில் மிக நன்றாகக் கரையும். நீரோடு அது அதிகம் கலப்பதில்லை. அதன் அடர்த்தி 1.33 ஆதலால் கீழடுக்காகப் படிந்து, புனலின் அடைப்பைத் திறந்தவுடன் முதலில் வெளிவரும். 40 பாகை செல்சியசிற் கொதிப்பதால் இளஞ்சூட்டிலேயே நீங்கிவிடும். இவற்றுக்கு மேலாக, சாதாரண நிலைமைகளில் அது எளிதில் தீப்பற்றுவதில்லை. பன்சன் சுடரடுப்புகள் எரியும் வகுப்பறையில் ஆசிரியரின் மனத்திற்கு இப்பண்பு எவ்வளவு ஆறுதல் தருவது என்பதைச் செய்முறை நடத்தியவர்களே அறிவர். மீளாய்வுப் பந்திகள் பெரும்பாலும் இதைக் குறிப்பிடுவதில்லை.

அதன் தீமையும் அறியப்பட்டதே. உடலினுள் சென்ற இருகுளோரோமெதேனின் ஒரு பகுதி காபனோரொட்சைட்டாக மாற்றப்படுகின்றது. காற்றோட்டமற்ற அறையில் அதனை நெடுநேரம் சுவாசித்தவரின் குருதி, புகையைச் சுவாசித்தவரின் குருதியைப் போலவே ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழக்கின்றது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் 2014ஆம் ஆண்டு மதிப்பீட்டில் இதனை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்னும் 2ஏ பிரிவிற் சேர்த்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1997இல் தொழிலிடக் காற்றில் பத்து இலட்சத்தில் 25 பங்கு என வரையறுக்கப்பட்டிருந்த எல்லை, 2024இல் அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இயற்றிய விதியில் 2 பங்காகக் குறைக்கப்பட்டது. அவ்விதி பெரும்பாலான பயன்பாடுகளை விலக்கியபோதும், கடும் பாதுகாப்பு ஏற்பாடுகளுடன் ஆய்வுகூடப் பயன்பாட்டை அனுமதித்தது. ‘மேலைநாடுகள் முற்றாகத் தடை செய்துவிட்டன’ என்று எழுதும் ஆய்வேடுகள் இதனைத் திருத்திக்கொள்ளல் வேண்டும்.

நம் கரையோர வெப்பத்தையும் இங்கு கணக்கிற் கொள்ளவேண்டும். 33 பாகை வெப்பமுள்ள பிற்பகலில் இக்கரைப்பானின் ஆவியமுக்கம் ஏறக்குறைய 0.8 வளிமண்டலமாகும். அதாவது மூடிய பிரிபுனலைக் குலுக்கியவுடன் உள்ளமுக்கம் சடுதியாக உயரும். அடிக்கடி அடைப்பைத் திறந்து ஆவியை வெளிவிடாவிடின் மூடி தெறித்துவிடும். குளிர்நாட்டுப் பாடநூல் ‘மெதுவாகக் குலுக்குக’ என்று சொல்லும் இடத்தில் நாம் இன்னும் மெதுவாகக் குலுக்கவேண்டியவராகின்றோம். வெளிவரும் ஆவி காற்றினும் கனமானது. அது மேசையின் மீதும் தரையிலும் படியும். ஆசிரியர் மணிக்கூட்டுடன் வெளியேறிய பின்னும் கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டு அங்கு நிற்பவர் ஆய்வுகூட உதவியாளரே.

இனி நிலத்தை நோக்குவோம். கல்முனைக் கரையோரம் ஒருபுறம் கடலையும் மறுபுறம் வயல்களையும் நீர்நிலைகளையும் கொண்ட மணற்பட்டியாகும். மழைநீர் மணலில் வடிந்து, உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. வீட்டுக் கிணறுகள் அப்படையிலிருந்தே நீரைப் பெறுகின்றன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது கிணறுகளில் உவர்நீர் புகுந்து நெடுநாள் பயன்படாது போனமை பலருக்கும் நினைவிருக்கும். மேலிருந்து விழுவது எதுவாயினும் மணலினூடாக விரைவில் நீரைச் சென்றடையும் என்பதே அந்நிலத்தின் இயல்பு. களிமண் தடுத்து நிறுத்துவதுபோல் மணல் தடுக்காது. இருகுளோரோமெதேன் நீரினும் கனமானது ஆதலால் பெருந்தொகையாகச் சிந்தப்பட்டால் நீர்ப்படையையும் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும். அங்கு தங்கி, சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருக்கும். மிதக்கும் எண்ணெயைப்போல் மேலிருந்து அள்ளிவிட முடியாது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பிரித்தெடுத்து முடிந்த பின் எஞ்சும் 100 மில்லிலீற்றர் தேநீரை ‘வெறும் நீரடுக்கு’ என்று கருதிக் கழுவுதொட்டியில் ஊற்றிவிடுவது வழக்கம். ஆயின் இருகுளோரோமெதேன் நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 13 கிராம் கரையும். ஆகவே அந்த நீரடுக்கில் 1.3 கிராம் கரைப்பான் மறைந்திருக்கின்றது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் இதற்கு விதித்த வழிகாட்டு எல்லை லீற்றருக்கு 20 மைக்குரோகிராம். 1.3 கிராமை அவ்வெல்லைக்குக் கொண்டுவர 65,000 லீற்றர் நீர் வேண்டும். ஒரு மீற்றர் விட்டமும் இரண்டு மீற்றர் நீராழமும் உள்ள வீட்டுக் கிணற்றில் இருப்பது ஏறத்தாழ 1,570 லீற்றர். எனவே ஒரு மாணவர் ஊற்றும் நீரடுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட கிணறுகளை எல்லையின் விளிம்புக்குக் கொண்டுவரப் போதுமானது. இது நிகழும் என்று கூறும் எதிர்வுகூறல் அன்று. ஊற்றப்படுவதில் பெரும்பகுதி காற்றில் ஆவியாகிவிடும். பாத்திரத்தில் மீந்ததை மட்டுமன்றி, நீரில் மறைந்ததையும் கழிவாகக் கொள்ளவேண்டும் என்பதைக் காட்டவே இக்கணக்கு. அந்நீரைப் புகையகற்றும் அலுமாரியினுள் இளஞ்சூட்டில் வைத்துக் கரைப்பானை ஒடுக்கி மீட்டபின் அகற்றுவதே முறை.

இப்போது பட்டியலிலுள்ள முதல் மாற்றாகிய எதைல் அசற்றேற்றைப் பிரிபுனலில் இட்டுப் பார்ப்போம். உடலுக்கு அது ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தது. மண்ணில் நுண்ணங்கிகளால் எதனோலாகவும் அசற்றிக் கமிலமாகவும் உடைக்கப்பட்டு விரைவில் மறையும். கஃபீன் நீக்கிய தேயிலை தயாரிப்பிலும் அது பயன்படுகின்றது. ஆயினும் கஃபீன் அதனை இருகுளோரோமெதேன் அளவுக்கு விரும்புவதில்லை.

இதன் விளைவைப் பங்கீட்டு விதி கொண்டு அறியலாம். கரைப்பானுக்கும் நீருக்கும் இடையே கஃபீனின் பங்கீட்டுக் குணகத்தை இருகுளோரோமெதேனுக்கு 9 எனவும், ஒப்பீட்டுக்காக வலுக்குறைந்த ஒரு கரைப்பானுக்கு 1 எனவும் கொள்வோம். 100 மில்லிலீற்றர் நீரை 20 மில்லிலீற்றரால் ஒருமுறை பிரித்தெடுத்தால், முதலாவதில் நீரில் எஞ்சுவது 2.8இல் ஒரு பங்கு, அதாவது 36 சதவீதம். மூன்று முறைக்குப்பின் எஞ்சுவது 5 சதவீதத்திலும் குறைவு. இரண்டாவதில் ஒருமுறைக்குப்பின் 83 சதவீதமும், மூன்று முறைக்குப்பின் 58 சதவீதமும் நீரிலேயே தங்கிவிடும். 95 சதவீதத்தை எடுக்க வேண்டுமாயின் பதினேழு முறை, மொத்தம் 340 மில்லிலீற்றர் செலவாகும். முன்னதற்குச் செலவானது 60 மில்லிலீற்றரே. ‘பசுமை’ என்னும் சொல் ஒரு கரைப்பானின் இயல்பை மட்டும் நோக்கி, செலவாகும் அளவை நோக்காதுவிடின் எவ்வளவு தவறாக முடியும் என்பது இதிலிருந்து தெளிவாகும்.

நடைமுறையில் இவ்வளவு துன்பம் வேண்டியதில்லை. தேநீரை முதலில் 40 அல்லது 50 மில்லிலீற்றராகக் கொதிக்கவைத்து ஒடுக்கி, ஆறியபின் கறியுப்பை நிறையும்வரை கரைத்தால், கஃபீன் நீரைவிட்டு வெளியேற முற்படும். நீரிற் கரைந்து வீணாகும் எதைல் அசற்றேற்றின் அளவும் குறையும். உப்பின்றேல் 100 மில்லிலீற்றர் நீர் இக்கரைப்பானில் ஏறக்குறைய 8 கிராமை விழுங்கிவிடும். தனின் உப்புகள் சவர்க்காரம்போல் செயற்பட்டு இரு அடுக்குகளுக்கிடையே நுரைத்த குழம்பு ஒன்றை உண்டாக்குவது இச்செய்முறையின் பழைய தொல்லையாகும். உப்பு அதனையும் உடைக்கும். எக்கரைப்பானாயினும் புனலைக் குலுக்காது மெல்லச் சாய்த்துச் சுழற்றுவதே நன்று.

மூன்று தவறுகள் இங்கு பொதுவாக நேர்கின்றன. எதைல் அசற்றேற்றின் அடர்த்தி 0.90. ஆகவே அது மேலடுக்கு. கீழடுக்கே பொருள் என்று பழகிய கை நீரைச் சேமித்து, கஃபீனைக் கொட்டிவிடும். எவ்வடுக்கு எது என்ற ஐயம் எழுந்தால் ஒருதுளி நீரை விட்டு அது எங்கு போய்ச் சேர்கின்றது என்று பார்க்கவேண்டும். எடை காணும்வரை எந்த அடுக்கையும் எறியலாகாது. அடுத்து, எதைல் அசற்றேற்று தனின் சார்ந்த சேர்மங்களையும் ஓரளவு இழுக்கும். காபனேற்று குறைந்திருந்தால் கிடைக்கும் திண்மம் கபில நிறமாயிருக்கும். தூய கஃபீன் 235 முதல் 238 பாகை வரையில் உருகும். உருகுநிலை பல பாகைகள் தாழ்ந்து விரிந்திருக்குமாயின் எடையைக் கண்டு மகிழ வேண்டியதில்லை, மாசும் சேர்ந்தே நிறுக்கப்பட்டிருக்கின்றது. மூன்றாவது தவறே பெரியது. எதைல் அசற்றேற்றின் பற்றுநிலை மறை 4 பாகை. 77 பாகையிற் கொதிக்கும் அதனைப் பழைய பழக்கத்தில் சுடருக்கு அருகே ஆவியாக்கினால் தீவிபத்து உறுதி. இருகுளோரோமெதேனை விலக்கும் நாளிலேயே பன்சன் சுடரடுப்புகளையும் அவ்வறையிலிருந்து விலக்கி, வெந்நீர்த் தொட்டியைக் கொண்டுவரல் வேண்டும். ஓர் இடரை நீக்கி வேறோர் இடரை அறியாமலே அழைத்துக்கொள்வது மாற்றாகாது.

பட்டியலின் ஏனைய பெயர்களைச் சுருக்கமாகவே நோக்கலாம். மீயுய்நிலைக் காபனீரொட்சைட்டு, ஜேர்மனியின் மியூல்ஹைமில் கேர்ட் சோசல் செய்த ஆய்வுகளிலிருந்து கஃபீன் நீக்கும் தொழிலாக வளர்ந்தது. 31 பாகை வெப்பமும் 74 பார் அமுக்கமும் தாண்டிய நிலையில் அவ்வாயு திரவம்போற் கரைக்கும். கல்முனை வெயில் அந்த வெப்பத்தை இலவசமாகத் தந்துவிடும். ஆனால் தொழிலில் வேண்டப்படும் 200 பாருக்கு மேற்பட்ட அமுக்கத்தைத் தாங்கும் உருக்குக் கலன் இலவசமாகக் கிடைப்பதில்லை. அது ஆலைக்குரிய விடை, வகுப்பறைக்குரியதன்று.

தொகுப்பு வேலையில் நிலைமை வேறு. மருந்து நிறுவனங்களின் கரைப்பான் வழிகாட்டிகள் இத்துறையில் பயனுள்ள இலக்கியமாகும். பைசர் நிறுவனத்தார் 2008இல் வெளியிட்டதும், ஐரோப்பியக் கெம்21 குழுவினர் 2016இல் வெளியிட்டதும் பரவலாக எடுத்தாளப்படுகின்றன. அமைட்டுப் பிணைப்பு ஆக்கத்தில் இருகுளோரோமெதேனுக்குப் பதிலாக எதைல் அசற்றேற்றும் 2-மெதைல்தெத்திராஐதரோபியூரானும் நன்கு பயன்படுவதை 2013இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு காட்டிற்று. நிறப்படப் பிரிப்பில், எதைல் அசற்றேற்றையும் எதனோலையும் 3க்கு 1 என்னும் விகிதத்திற் கலந்து எப்தேனுடன் சேர்த்தால் முனைவுற்ற சேர்மங்களையும் நகர்த்தலாம் என்று 2012இலேயே எடுத்துக்காட்டப்பட்டது. எனினும் முதனிலை அமீன்களுடனோ வன்மூலங்களுடனோ எதைல் அசற்றேற்று தானே தாக்கமுறும். மிகக் குளிர்ந்த நிலையில், அமிலத்தன்மையான தாக்கிகளோடு அமைதியாக இருக்கும் கரைப்பான் தேவைப்படும் இடங்களில் இருகுளோரோமெதேனுக்கு எளிதான ஈடு இன்னும் இல்லை. ஆய்வேட்டுப் பந்தி இதனை ஒளிக்காது சொல்லவேண்டும்.

2-மெதைல்தெத்திராஐதரோபியூரானைப் பற்றி மட்டும் ஒரு சொல். கரும்புச் சக்கை, சோளப்பொத்தி முதலியவற்றிலிருந்து பெறும் ஃபர்ஃபியூரலின் வழியே அது ஆக்கப்படுகின்றது என்பதால் பெரிதும் புகழப்படுகின்றது. அம்பாறை மாவட்டத்து ஹிங்குரானையில் சீனி ஆலை இருப்பதை நினைத்து ஆசை கொள்பவரும் உளர். ஆனால் மூலப்பொருள் பசுமையாயிருப்பதனால் போத்தலில் உள்ளது பாதுகாப்பானதாகிவிடாது. காற்றும் வெளிச்சமும் பட அது பேரொட்சைட்டுகளை உண்டாக்கும். திறந்த நாளை எழுதி ஒட்டாமல், பரிசோதியாமல், நெடுநாள் வைத்திருந்த போத்தலை வறள ஆவியாக்கினால் வெடிக்கக்கூடும்.

எனது கருத்தில், தேயிலைச் செய்முறைக்கு உகந்த மாற்று பட்டியலில் இடம்பெறாத ஒன்றே. கரைப்பானை மாற்றுவதற்கு முன் பிரிபுனல் வேண்டுமா என்று கேட்கலாம். சீனப் பல்கலைக்கழக வகுப்புகளில் நெடுங்காலமாக வழங்கும் முறையில், 10 கிராம் தேயிலையைச் சொக்சிலே கருவியில் 95 சதவீத எதனோலினால் சாறெடுப்பர். எதனோலின் பெரும்பகுதியை வடித்து மீட்பர், அதே எதனோல் அடுத்த வகுப்புக்குப் பயன்படும். எஞ்சிய பச்சைக் கபிலப் பசையை 4 கிராம் அளவு தூளாக்கிய சுட்ட சுண்ணாம்புடன் கலந்து, வெந்நீராவியின் மேல் உலர்த்தி உதிரியாக்குவர். சுண்ணாம்பு நீரை உறிஞ்சும், தனின்களைக் கட்டிப்போடும். பின்னர் துளையிட்ட வடிதாளால் மூடி, மேலே புனலைக் கவிழ்த்து மணற்தொட்டியில் மெல்லச் சூடாக்கினால் கஃபீன் பதங்கமாகி வடிதாளின் மேல் வெண்ணிற ஊசிகளாகப் படியும். குளோரீன் எங்கும் நுழைவதில்லை, அடுக்குகளும் குழம்பும் இல்லை.

இம்முறையின் தோல்வியை மாணவரே கண்ணால் அறியலாம். உலர்த்தல் போதாதிருந்தால் புனலின் உட்புறம் முதலில் நீர்த்துளிகள் படியும். உடனே சூட்டை நிறுத்தி மீண்டும் உலர்த்தவேண்டும். சூடு மிஞ்சினால் ஊசிகள் மஞ்சளாகிப் புகைநெடி வீசும். ஒருமுறை கரியத் தொடங்கியதைத் திருத்த இயலாது. விளைச்சல் பிரிபுனல் முறையிலும் குறைவாக அமைவதுண்டு, இரண்டு மூன்று மணி நேரமும் பிடிக்கும். எதனோலும் தீப்பற்றும். அதனை வாங்குவதற்கு மதுவரிச் சட்டத்தின் கீழ் அனுமதி பெறும் சிரமமும் உண்டு. ஆனால் சிந்தியது மணலில் இறங்கினாலும் கிணற்றில் ஆண்டுக்கணக்காகத் தங்குவதில்லை.

அலுமாரியில் ஏற்கெனவே இருக்கும் இருகுளோரோமெதேன் போத்தல்களை என்ன செய்வது என்பது தனி வினா. முதற்பணி, கழிவுப் போத்தல்களில் குளோரீன் உள்ளதையும் அற்றதையும் பிரிப்பது. பெயர்ச்சீட்டு அழிந்த போத்தலாயின், செப்புக் கம்பியின் நுனியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டு, திறந்த போத்தல்களிலிருந்து நன்கு விலகி நின்று, ஒருதுளியை அதில் எடுத்து மீண்டும் சுடரிற் காட்டவேண்டும். சுடர் பச்சையாயின் அதில் அலசன் உண்டு. இரண்டும் கலந்த போத்தலை எவரும் மலிவாக ஏற்கமாட்டார், ஏனெனில் குளோரீன் குறைந்த கழிவே உலைக்கு எரிபொருளாகும். இந்நாட்டில் அபாயக் கழிவுகளைச் சீமெந்து உலையில் இணைத்து எரிக்கும் ஏற்பாடு புத்தளத்தில் நடைபெற்று வந்துள்ளது. குளோரீன் உலையினுள் கார உப்புகளாகப் படிந்து அதனை அடைப்பதால், அங்கும் குளோரீன் கழிவு சிறு அளவிலேயே ஊட்டப்படும். கல்முனையிலிருந்து புத்தளம் தீவின் மறுகரை. கொள்வனவுப் பத்திரத்தில் இரண்டரை லீற்றர்ப் போத்தலின் விலையை எழுதும்போது, அது வெறுமையாகாமல் மீந்தால் அவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் செலவையும் அருகே எழுதிப்பார்த்தல் வேண்டும்.